எரிச்சல் நின்றது நற்செய்தியன்று



இவ்வலைப்பதிவில் பெரும்பாலும் இலக்கணமும் வகுப்பறைச் செய்திகளும்தாம் எழுதி வருகிறேன். இன்று கால்களைப் பற்றி எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன், தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ஆயினும் நானும் நீரிழிவு உடையவன். என் அண்ணனும் அவ்வாறே. எங்கள் இருவருக்கும் ஒரே தொல்லை வந்தது. உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோன்ற கூச்சமும், இரவில் மிளகாய் தேய்த்தாற்போன்ற எரிச்சலும், பஞ்சின்மேல் நடப்பதுபோன்ற மரத்த உணர்வும். அவருக்கு ஒரு விரல் போயிற்று; எனக்கு ஏறக்குறைய எல்லாம் மீண்டன. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவே இப்பதிவு.

அண்ணன் பேராக்கில் இருக்கிறார். முப்பதாண்டுகளாகச் சுமையுந்து ஓட்டியவர். 2012இல் நீரிழிவு கண்டறியப்பட்டது. கிளினிக்கிற்குத் தவறாமல் செல்வார். மருந்து முடியுமுன் அடுத்த மருந்தை வாங்கிவிடுவார். ஆகவே "கவனமில்லாத நோயாளி" என்று அவரைச் சொல்ல இயலாது. 2021இல் கால் எரிச்சல் தொடங்கியது. இரவில் போர்வை பட்டாலே வலிக்கிறது என்று அண்ணியிடம் சொன்னாராம். மருத்துவரிடம் சொல்லவில்லை. "சர்க்கரைக்குப் போனால் சர்க்கரையைத்தானே கேட்கிறார்கள், காலைப் பற்றி யாரும் கேட்கவில்லையே தம்பி" என்றார் பின்னாளில். அதுவும் உண்மைதான். குருதி அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை அளவைப் பார்த்தார்கள், மருந்துச் சீட்டு எழுதினார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னவர் யாருமில்லை, இவரும் கழற்றவில்லை.

மாறாக, நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு மருந்தகத்தில் 'நரம்பு மாத்திரை' வாங்கி உண்ணத் தொடங்கினார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கால்களை ஊறவைத்தார். தைலம் தேய்த்தார். 2023ஆம் ஆண்டின் நடுவில் எரிச்சல் தானாகக் குறைந்து, பின்னர் நின்றே போயிற்று. தீபாவளிக்கு நாங்கள் சென்றிருந்தபோது எவ்வளவு மகிழ்ச்சியாகச் சொன்னார் தெரியுமா! "மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. கால் இப்பொழுது ஒன்றுமே தெரியவில்லை" என்றார். அந்த 'ஒன்றுமே தெரியவில்லை' என்ற சொற்றொடரை நானும் வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டேன். இன்று நினைத்தால் நாணமாக இருக்கிறது. வகுப்பில் அழுதுகொண்டே இருந்த பிள்ளை திடீரென்று ஒரு வாரம் வாய் திறக்காமல் அமர்ந்திருந்தால், சரியாகிவிட்டான் என்று எந்த ஆசிரியரும் எண்ணுவதில்லை. என் அண்ணன் காலுக்கு மட்டும் அப்படி எண்ணிவிட்டேன்.

நடந்தது இதுதான். நம் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கால்விரல் நுனிவரை செல்லும் நரம்பிழைகள்தாம் உடலிலேயே மிக நீளமானவை. ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். பல்லாண்டுகள் குருதியில் சர்க்கரை மிகுந்திருந்தால் நரம்பிழைகளும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்குழாய்களும் சிதைகின்றன. மிக நீண்ட இழையே முதலில் கெடும். ஆகவேதான் தொல்லை இரண்டு பாதங்களின் விரல்நுனியிலும் ஒரே சீராகத் தொடங்கிக் காலுறை அணிவதுபோல் மெல்ல மேலேறுகிறது. முழங்காலை நெருங்கும் காலத்தில்தான் கைவிரல் நுனிகளில் தொடங்கும். கெட்டுக்கொண்டிருக்கும் நரம்பு பொய்ச் செய்திகளை அனுப்புகிறது. அவைதாம் எரிச்சலும் கூச்சமும். முற்றும் கெட்ட நரம்பு எச்செய்தியும் அனுப்புவதில்லை. எரிச்சல் அடங்கியதோடு கால் தொடுவுணர்வையும் இழந்திருந்தால், அது குணமன்று, அடுத்த கட்டம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எரிச்சல் என்ற முன்னறிவிப்பே வருவதில்லை. நேரே மரத்துவிடும். அவர்கள் கால்களைச் சோதித்தால் ஒழிய அறிய வழியில்லை.

2024 மார்ச்சில், பள்ளி விடுமுறையின்போது, அண்ணன் மகள் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தரையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். அவற்றைப் பின்தொடர்ந்து போனால் தந்தையின் நாற்காலியில் போய் முடிந்தது. வலது காலின் சிறுவிரலுக்கு அடியில் ஒரு துளை. அதைச் சுற்றிக் காய்த்த தோல். வாயிலில் கிடந்த சிலிப்பரைப் புரட்டிப் பார்த்தாள். ஓர் ஆணி அடியிலிருந்து துளைத்து உள்ளே நின்றது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தார் என்பது அவருக்கே தெரியாது. "ஒரு வாரமாகச் சிலிப்பர் கொஞ்சம் வழுக்கியதுபோல் இருந்தது" என்றார். வழுக்கியது குருதி.

மருத்துவமனையில் முதன்முறையாக அவருடைய காலை முறைப்படி சோதித்தார்கள். நான் உடனிருந்தேன். எழுதுகோல் போன்ற பிடியில் ஒரு நைலான் இழை இருந்தது. அதைத் தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் விசையில் வளைந்துவிடும். அதற்குமேல் அழுத்தம் ஏறாது. முதலில் கையில் தொட்டுக் காட்டி, உணர்வு எப்படியிருக்கும் என்று பழக்கினார்கள். பிறகு கண்களை மூடச் சொல்லிப் பெருவிரல், முன்பாதத்தின் அடியிலுள்ள எலும்பு முனைகள் என ஒவ்வோரிடமாக ஓரிரு நொடி தொட்டார்கள். காய்த்த தோலின்மேல் தொடவில்லை. அங்கு நலமான காலுக்கும் உணர்வு குறைவு. தொடும்போதெல்லாம் "ஆம்" என்று சொல்ல வேண்டும். அண்ணன் பரீட்சை எழுதும் பிள்ளையைப்போல் முகத்தைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். இழை வளைந்து வளைந்து நிமிர்ந்தது. அவர் வாய் திறக்கவில்லை. "தொடங்கியாயிற்றா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மறக்கப்போவதில்லை.

அதன்பின் இசைக்கவையை அதிரச்செய்து பெருவிரல் எலும்பின்மேல் வைத்தார்கள். நொடிக்கு 128 முறை அதிர்வது அது. அவ்வதிர்வும் தெரியவில்லை. புறங்காலிலும், கணுக்காலின் உட்புறத்திலும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். அது நல்லபடியாக இருந்தது. நரம்பு கெட்டாலும் குருதியோட்டம் நன்றாயிருந்தால் புண் ஆற வழியுண்டு. இரண்டும் கெட்டால்தான் பெருந்துன்பம். ஆயினும் நுண்மக்கிருமி அதற்குள் எலும்பைத் தொட்டிருந்தது. சிறுவிரலை அகற்றினார்கள். புண் ஆற நான்கு மாதங்கள். அவ்வளவு நாளும் அந்தக் கால் தரையில் எடை தாங்கக்கூடாது. சுமையுந்து வேலை போயிற்று.

இந்த முழுச்சோதனைக்கும் பத்து நிமிடங்கூட ஆகவில்லை. கருவிகளின் விலையும் பெரிதன்று. 2021இல் முதல் எரிச்சலின்போது செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நரம்பு புதிதாய் முளைத்திருக்காது என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். கெட்ட நரம்பை மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. எரிச்சலைத் தணிக்கும் மாத்திரைகள் உண்டு. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரீகபாலின், டுலோக்செடின் போன்றவை உறக்கத்தைக் காக்கும், நரம்பைக் காக்கா. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் கேடு மெதுவாகும். அந்தப் பயனும் நீரிழிவின் முதல் வகையில் மிகுதி, நம்மில் பெரும்பாலோருக்குள்ள இரண்டாம் வகையில் அதைவிடக் குறைவு. ஆனால், "உங்கள் கால் இனி உங்களிடம் பேசாது, நீங்கள்தாம் அதைப் பார்க்கவேண்டும்" என்று 2021இல் ஒருவர் அவரிடம் சொல்லியிருப்பார். சிலிப்பரை அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கும் வழக்கம் வந்திருக்கும். ஆணி ஒரு நாளுக்குமேல் அங்கே இருந்திருக்காது. நரம்பைக் காக்க முடியாத காலத்திலும் விரலைக் காக்கலாம் என்பதே நான் சொல்ல வருவது.

இனி என் கதை. அண்ணனுக்கு அறுவை முடிந்த அதே ஆண்டு ஆகஸ்டில், கரும்பலகை முன் நீண்டநேரம் நின்ற ஒரு நாளின் மாலையில், என் இரு கால்விரல்களிலும் அதே எறும்பூர்தல். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. வலியால் அன்று, அச்சத்தால். அந்த வாரமே கிளினிக்கிற்குச் சென்றேன். என் முறை வந்ததும் யாரும் கேட்குமுன் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு அமர்ந்தேன். மருத்துவர் சிறிது வியந்தார். பின் முறையாகச் சோதித்தார். நைலான் இழையை ஓரிடத்தில் மட்டும் உணரத் தவறினேன்.

அவர் அத்தோடு நிறுத்தாமல் சில கேள்விகள் கேட்டார். இரு கால்களிலும் ஒரே சீராகவா, ஒரு காலில் மட்டுமா? மெல்ல வந்ததா, சில வாரங்களில் விரைந்து ஏறியதா? கால் வலுவிழந்து தடுக்குகிறதா? முதுகுவலி உண்டா? மது அருந்துவதுண்டா? ஒரு காலில் மட்டும் வந்தாலோ, விரைந்து பரவினாலோ, வலுக்குறைவு முதன்மையாக இருந்தாலோ அது நீரிழிவால் வந்ததாக இல்லாமலிருக்கலாம். முதுகெலும்பில் நரம்பு நசுங்கியிருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். நீரிழிவு இருக்கிறது என்பதாலேயே ஒருவருக்கு வரும் எல்லா மரப்பும் நீரிழிவால் வந்ததாகிவிடாது. பின்னர், "மெட்ஃபார்மின் எத்தனை ஆண்டுகளாக உண்கிறீர்கள்? புலால் உண்பீர்களா?" என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகள், நாளுக்கு 2 கிராம். இளமை முதல் சைவ உணவு. உடனே குருதிச் சோதனைக்கு எழுதினார். சிறுநீரகம், தைராய்டு, வைட்டமின் பி12.

பி12 அளவு 118 என்று வந்தது. அந்தச் சோதனைச்சாலையின் கீழெல்லை 148. மெட்ஃபார்மின் நல்ல மருந்து. ஆனால் நெடுங்காலம் உண்ணும்போது குடலின் கடைப்பகுதியில் பி12 உட்கொள்ளப்படுவதை அது சிலருக்குக் குறைக்கிறது. ஈரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பு உண்டு. ஆகவே குறை உடனே தெரியாது. இருப்புத் தீர்ந்த பிறகே தெரியும். பி12 குறைந்தால் நரம்பின் உறை சிதையும். அதன் அடையாளமும் அதே கூச்சமும் மரப்புந்தான். நோயாளிக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு என்னவெனில், இதற்கு மருந்து உண்டு. அதுவும் காலத்தோடு கொடுத்தால்தான். நாள் கடந்தால் அந்தக் கேடும் நிலைத்துவிடும். குருதிச்சோகை இல்லாமலேயே நரம்பு கெடலாம் என்பதால், "என் குருதி நன்றாயிருக்கிறது" என்று இருந்துவிடவும் முடியாது.

எனக்கு முதலில் ஒன்றுவிட்ட நாளாக ஊசி. பிறகு இடைவெளி விட்டு ஊசி. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, நானாக நிறுத்தியிருந்தால் சர்க்கரை ஏறி இரட்டைத் துன்பமாகியிருக்கும். ஏறத்தாழ மூன்று மாதங்களில் எறும்புகள் பெரும்பாலும் ஓய்ந்தன. அடுத்த சோதனையில் எல்லா இடங்களிலும் இழையை உணர்ந்தேன். இடது பெருவிரலில் மட்டும் இன்னும் சிறிது மந்தம் இருக்கிறது. அது நீரிழிவின் பங்காக இருக்கலாம் என்றார் மருத்துவர்.

இங்கே சிலர், "அப்படியானால் அண்ணன் உண்ட நரம்பு மாத்திரையிலும் பி12 இருந்திருக்குமே, அதில் என்ன தவறு?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். இரண்டு தவறுகள். குறை இருக்கிறதா என்று அளந்து பாராமல் உண்பது ஒன்று. பின்னர் அளந்தாலும் எண் தெளிவாக இராது, உண்மைக் காரணம் மறைந்துவிடும். மற்றொன்று, அத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் பி6 என்னும் வைட்டமின் 100 முதல் 200 மில்லிகிராம்வரை இருக்கிறது. நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2 மில்லிகிராமுக்கும் குறைவு. பி6 மிகுந்து நெடுநாள் தொடர்ந்தால் அதுவே கால்களை மரக்கச் செய்யும்! மரப்புக்கு மருந்தென்று எடுப்பது மரப்பை வளர்க்கலாம். மருந்தக முகப்பில் இதை யாரும் சொல்வதில்லை.

வெந்நீர் பற்றியும் ஒரு சொல். உணர்விழந்த கால் சூட்டை அறியாது. கொப்புளம் கண்ட பிறகே நீர் கொதித்தது தெரியும். நம் கோயில்களின் நண்பகல் தரையும் அவ்வாறே. தைப்பூசத்தின்போது வெயிலில் காய்ந்த சாலையில் வெறுங்காலோடு நடப்பது பலருக்கு நேர்ச்சை. அதை நான் குறைசொல்லவில்லை, நானும் நடந்தவன். ஆனால் இழைச் சோதனையில் தவறியவர் அவ்வாறு நடக்கலாகாது என்பது என் துணிபு. கதிரவன் எழுமுன் நடக்கலாம். தடித்த காலுறை அணியலாம். ஓர் இளைஞர் "முருகன் காப்பான்" என்றார். காலைப் பார்க்கக் கண்ணையும் அவன்தானே கொடுத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கவேண்டா என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் வீடுகளில் இது எளிதன்று. வெளிச்செருப்பை வாயிலில் விட்டு, உள்ளே அணியத் தூய்மையான தனிச் சிலிப்பர் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டில் செய்யத்தக்க சோதனை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் இப்சுவிச் மருத்துவமனையில் உருவானது. அவ்வூர்ப் பெயராலேயே வழங்குகிறது. கருவி வேண்டா, ஒரு விரல் போதும். கால் மரத்தவரைப் படுக்கச் செய்து கண்களை மூடச் சொல்லுங்கள். எது வலம், எது இடம் என்பதைக் காலைத் தொட்டு உறுதிப்படுத்துங்கள். பிறகு சுட்டுவிரல் நுனியால் வலப் பெருவிரல், வலச் சிறுவிரல், இடப் பெருவிரல், இடச் சிறுவிரல், வல நடுவிரல், இட நடுவிரல் என்ற வரிசையில் நுனிகளைத் தொடுங்கள். இறகு படுவதுபோல் ஓரிரு நொடிதான். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, ஒரே இடத்தை மறுபடியும் தொடக்கூடாது. உணரும்போது "வலம்", "இடம்" என்று அவர் சொல்லவேண்டும். ஆறு தொடுதல்களில் இரண்டோ மேலோ தவறினால் உணர்விழப்பு இருக்கக்கூடும் என்று பொருள். அந்த வாரமே கிளினிக்கிற்குச் செல்லவேண்டும். எல்லாவற்றையும் உணர்ந்தாலும் ஆண்டுச் சோதனைக்கு இது ஈடாகாது. நாடியையும் காலின் வடிவ மாற்றத்தையும் இது காட்டாது.

எத்தனை நாளுக்கொருமுறை காலைக் காட்டவேண்டும் என்பதற்கும் ஒரு கணக்குண்டு. இரண்டாம் வகை நீரிழிவினர் நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே ஒருமுறை. குறையேதும் இல்லையெனில் ஆண்டுக்கொருமுறை. உணர்வு மட்டும் இழந்திருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள். அதனோடு குருதியோட்டக் குறையோ விரல் கோணலோ சேர்ந்தால் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள். ஒருமுறை புண் வந்தவருக்கோ விரல் இழந்தவருக்கோ ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள். புண், கருத்த தோல், கசிவு ஆகியவை கண்டால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, அன்றே செல்லவேண்டும். வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடேறி, வீங்கியிருந்தாலும் அன்றே. அது உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். வலியில்லை என்பதால் அதன்மேலேயே நடந்து பாதத்தின் வளைவையே இழந்தவர்கள் உண்டு.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, இந்நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களிடையே அது இன்னும் மிகுதி. ஆசிரியர் அறையில் பத்துப் பேர் அமர்ந்திருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கிளினிக்குகளில் கூட்டம் மிகுதி, மருத்துவருக்கு நேரமில்லை என்பதை நான் அறிவேன். அதனாலேயே, கேட்கும்வரை காத்திராமல் நாமே காலுறையைக் கழற்றிவிட்டு அமரவேண்டும் என்கிறேன். வெறும் பாதம் கண்முன் இருக்கும்போது அதைப் பாராமல் அனுப்பும் மருத்துவரை நான் இதுவரை கண்டதில்லை.

அண்ணன் இப்பொழுது இரண்டு மாதத்திற்கொருமுறை காலைக் காட்டுகிறார். இரவு உணவுக்குப் பின் அண்ணி ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைப்பார். அவர் பாதத்தை அதன்மேல் பிடித்துப் பார்ப்பார். கண் மங்கிய நாள்களில் மகள் பார்ப்பாள். போன வாரம் தொலைபேசியில் அழைத்தபோது, புதிய சப்பாத்துக்குள் ஒரு நெல்லளவு கல் கிடந்ததைக் கையால் தடவி எடுத்ததாகச் சொன்னார். அதை ஒரு சிறு புட்டியில் போட்டு வைத்திருக்கிறாராம். அடுத்த விடுமுறையில் வந்து பார்க்கவேண்டும் என்கிறார்.